அப்பாவின் டிமென்ஷியாவை விளக்கும்படி மருத்துவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி: வெளிநாட்டில் வாழும் மகனுக்கான முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு வந்திருப்பது டிமென்ஷியா என்று மருத்துவர் கூறிவிட்டதாக அம்மா தொலைபேசியில் சொன்ன அன்றிரவே, நான் அந்த மருத்துவருக்கு இரண்டரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அதில் பதினேழு கேள்விகள் இருந்தன. ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில் மூன்றே வரிகள்: தந்தைக்கு டிமென்ஷியா இருப்பது உறுதி, மருந்தைத் தொடரவும், மற்றவற்றை நேரில் பேசலாம். கோபம் வந்தது. ஆனால் என் கடிதத்தை ஒரு வாரம் கழித்து நானே எடுத்துப் படித்தபோது, அது கடிதமாக இல்லை, குறுக்கு விசாரணையாக இருந்தது என்பது தெரிந்தது. இரண்டாவது கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதினேன். அதற்கு முழுப் பக்க விளக்கமும் இருபது நிமிடத் தொலைபேசி உரையாடலும் கிடைத்தன. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கடிதத்தை உருவாக்கிய முறையைப் பற்றியது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. அப்பாவின் குழப்பம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென்று வந்திருந்தால், அல்லது மெதுவாக இருந்த மறதி ஓரிரு நாளில் பல மடங்காகியிருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அது டெலீரியம் எனப்படும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் உப்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று அதற்கு உடனடியாகக் கண்டுபிடிக்க வேண்டிய காரணம் இருக்கும். ஒரு பக்கக் கை கால் தளர்வோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் பக்கவாதம் என்றே கருதி, அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, பரிசோதனைகள் முடிந்து, பெயரும் சூட்டப்பட்ட ஒரு நிலையைப் புரிந்துகொள்வதற்குத்தான் கடிதம்.

முதல் படி: அப்பாவின் ஒப்புதல்

என் முதல் கடிதத்திற்கு மூன்று வரிப் பதில் வந்ததற்கு நீளம் மட்டும் காரணமன்று. நோயாளியின் விவரங்களை அவருடைய அனுமதியின்றி மகனிடம்கூட மருத்துவர் விரிவாகச் சொல்ல முடியாது. தொலைவிலிருந்து வரும் கடிதத்தை எழுதியவர் உண்மையிலேயே மகன்தானா என்பதும் அவருக்குத் தெரியாது. டிமென்ஷியா என்று பெயரிட்டுவிட்டதாலேயே ஒருவர் தம்மைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை இழந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட ஒரு விஷயத்தை அவரால் புரிந்துகொண்டு முடிவு சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. நோயின் தொடக்கத்தில் இருக்கும் பெரும்பாலானோருக்கு, “உங்கள் உடல்நிலையைப் பற்றி மகனிடம் பேசலாமா?” என்பதைப் புரிந்துகொள்வது கடினமாக இருப்பதில்லை.

ஆகவே நான் அப்பாவிடமே கேட்டேன். “என் உடல்நிலை, பரிசோதனை முடிவுகள், சிகிச்சை ஆகியவற்றை என் மகனிடம் கடிதம் மூலமும் தொலைபேசி மூலமும் விளக்க மருத்துவருக்கு ஒப்புதல் அளிக்கிறேன்” என்று அவர் தம் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டார். அம்மா அதைப் படமெடுத்து அனுப்பினார். அதே தாளை அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது நேரிலும் கொடுத்தார்கள். நேரில் கொடுப்பது முக்கியமானது. அப்போதுதான் மருத்துவர் அப்பாவிடமே ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ள முடியும்.

அப்பா மறுத்தால் என்ன செய்வது? அப்போது மருத்துவர் உங்களிடம் எதையும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதை அவர் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. நீங்கள் கவனித்தவற்றை எழுதி அனுப்பலாம், பதிலை எதிர்பார்க்காமல். அந்தக் கடிதம் அப்பாவின் மருத்துவக் கோப்பில் சேரும் என்பதையும், அவர் அதைப் படிக்க நேரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். எனவே எந்தக் கடிதமானாலும் அப்பா உரக்கப் படித்தால் நமக்குக் கூச வேண்டாத மொழியில் இருக்க வேண்டும். “அவருக்கு இப்போது எதுவுமே தெரிவதில்லை” என்ற வாக்கியம் என் முதல் கடிதத்தில் இருந்தது. அது உண்மையும் அன்று.

இரண்டாம் படி: கையில் இருக்கும் தாள்களைப் படிப்பது

கேள்வி கேட்பதற்கு முன், ஏற்கெனவே சொல்லப்பட்டிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். மருத்துவரின் குறிப்பு, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கை, நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண் ஆகிய நான்கையும் அம்மாவிடம் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஐந்தாவதாக, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசைமீது பரப்பி ஒரே படமாக எடுக்கச் சொன்னேன். அந்த ஐந்தாவது படம்தான் மிகவும் பயன்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குறிப்பில் “டிமென்ஷியா” என்ற சொல் மட்டுமே இருந்தது. டிமென்ஷியா என்பது ஒரு நிலையின் பெயர்: நினைவோ சிந்தனையோ மொழியோ முன்பிருந்ததைவிடக் குறைந்து, அந்தக் குறைவு அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்வதைப் பாதிக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது அது. எதனால் காய்ச்சல் என்பது வேறு கேள்வி. அல்சைமர் நோய் மிகப் பரவலான காரணம். மூளையின் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவது, மூளை நரம்பணுக்களில் ஒருவகைப் புரதம் திரளும் லூயி பாடி நோய், மூளையின் முன்பகுதியும் பொட்டுப்பகுதியும் சிதைவது ஆகியவை மற்றவை. முதிய வயதில் இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் சாதாரணம். பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தக் குழாய் சார்ந்தது என்றால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவது சிகிச்சையின் மையமாகிறது. லூயி பாடி என்றால், மனக் கொந்தளிப்பை அடக்கப் பொதுவாகக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடுமையான தீங்கு விளைவிக்கலாம். இதை வீட்டில் இருப்பவர்கள் அறிந்திருந்தால் அவசரப் பிரிவில் அவர்களாலேயே எச்சரிக்க முடியும்.

மதிப்பெண் தாளில் “மோகா 17/30” என்றிருந்தது. மோகா என்பது பத்து நிமிட அளவில் முடியும் ஒரு தேர்வு. கடிகாரம் வரைவது, ஐந்து சொற்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூர்வது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது போன்றவை அதில் உண்டு. 26 அல்லது அதற்கு மேல் இயல்பு என்று கொள்ளப்படுகிறது. 17 என்றதும் நான் பதறினேன். ஆனால் அந்த எண் தனியாக நின்று நோயின் கட்டத்தைச் சொல்லாது. பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தால் மதிப்பெண் குறையும். 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்வது அந்தத் தேர்வின் விதிகளிலேயே இருக்கிறது. தாய்மொழி அல்லாத மொழியில் கேட்டால் குறையும். காது சரியாகக் கேட்காவிட்டாலும் குறையும். அப்பா அன்று காது கேட்கும் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இதே போன்ற எம்.எம்.எஸ்.இ. என்ற தேர்வுக்கும் மொத்தம் 30 மதிப்பெண்தான். ஆனால் அது எளிதானது என்பதால் ஒரே மனிதர் அதில் சில மதிப்பெண்கள் கூடுதலாக வாங்குவார். ஒன்றில் வாங்கியதை இன்னொன்றோடு ஒப்பிட்டு “குறைந்துவிட்டது” என்று அஞ்சக் கூடாது.

சிடி ஸ்கேன் அறிக்கையில் “வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், சிறு இரத்தக் குழாய்களின் மாற்றங்கள்” என்றிருந்தது. இது பல முதியவர்களின் அறிக்கையிலும் காணப்படும் வரி. இந்த ஸ்கேன் பெரும்பாலும் கட்டி, இரத்தக் கசிவு, பழைய பக்கவாதம், மூளையில் நீர் தேக்கம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யவே எடுக்கப்படுகிறது. ஸ்கேன் “நார்மல்” என்று வந்ததால் டிமென்ஷியா இல்லை என்று எங்கள் உறவினர் ஒருவர் வாதிட்டார். அது தவறு. ஸ்கேனில் சுருக்கம் இருப்பதாலேயே டிமென்ஷியா என்பதும் அதே அளவு தவறு.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு இயல்பாக இருந்தது. வைட்டமின் பி12 அளவு 140 என்று அச்சாகி, பக்கத்தில் ஆய்வகத்தின் கீழ் எல்லை 200 என்று குறிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வீட்டில் பேசியிருக்கவில்லை. பி12 குறைவு நினைவையும் மனநிலையையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடியது. ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யக்கூடியது.

இனி மாத்திரைப் படம். டிமென்ஷியாவுக்காக டோனிபெசில் 5 மில்லிகிராம் கொடுத்திருந்தார்கள். அதன் பக்கத்திலேயே, சிறுநீரை அடக்க முடியாத அவசரத்துக்காக வேறொரு மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த ஆக்ஸிபியூட்டினின் இருந்தது. டோனிபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதிக நேரம் நிலைக்கும்படி செய்கிறது. ஆக்ஸிபியூட்டினின் அதே வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது; முதியவர்களிடம் அதுவே மறதியையும் குழப்பத்தையும் கூட்டலாம். ஒரு கை மிதிவண்டியை முன்னே தள்ள, மறு கை பின்னே இழுப்பதைப் போன்ற நிலை. இரண்டு மருத்துவர்களில் யாரும் தவறிழைத்ததாக நான் கருதவில்லை. இரண்டு அட்டைகளையும் ஒரே மேசையில் பார்த்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததும் தொலைவிலிருந்தே “அதை நிறுத்திவிடுங்கள்” என்று சொல்ல நா துடிக்கும். சொல்லக் கூடாது. அதைக் கேள்வியாக்கிக் கடிதத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: கவனித்தவற்றைப் பயன்படும் வடிவில் எழுதுவது

டிமென்ஷியாவை இனங்காண்பதில் உடன் வாழ்பவரின் சாட்சியத்திற்கு ஸ்கேனைவிடப் பல நேரங்களில் மதிப்பு அதிகம். ஆனால் அந்தச் சாட்சி நானல்லன், அம்மா. இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சிறிது காலம் பிடித்தது. வாரத்துக்கு இரண்டு முறை, பத்து நிமிடம், காணொளி அழைப்பில் அப்பா என்னிடம் மிக இயல்பாகவே பேசினார். நலம் விசாரிப்பது, பழைய நினைவுகளைச் சொல்வது, சிரிப்பது ஆகியவை இந்நோயில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் “என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறார்” என்று சொல்வதும், வீட்டில் இருப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பதும் இதனால்தான்.

தொலைதூரத்திலிருந்து வந்திறங்கி எல்லாவற்றையும் கேள்விக்குள்ளாக்கும் உறவினரை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். 1991இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை அவருக்கு “கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்” என்று பெயரே சூட்டியது. கடிதம் எழுதும் மகன், தான் அந்த மகள் அல்லன் என்பதை முதல் பத்தியிலேயே காட்டியாக வேண்டும். உடன் வாழ்பவர் பார்த்தவற்றை அவர் பார்த்ததாகவே எழுதுவதுதான் அதற்கு வழி.

அம்மா முதலில் “எல்லாம் மறந்து போகிறார்” என்றார். அந்த வாக்கியத்தைக் கொண்டு மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன்: முன்பு எப்படிச் செய்தார், இப்போது என்ன நடக்கிறது, எப்போது முதல், எத்தனை முறை. “கணக்கில் குழப்பம்” என்பது, “நாற்பது ஆண்டு வீட்டுக் கணக்கைத் தாமே எழுதியவர், கடந்த எட்டு மாதத்தில் மூன்று முறை ஒரே கட்டணத்தை இரண்டு தடவை செலுத்தினார்” என்று மாறியது. அப்பா இன்னும் தாமாகச் செய்வனவற்றையும் அதே அக்கறையோடு குறித்தேன். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் முடிவு செய்வது, இழந்தவற்றைக் கொண்டு மட்டுமல்ல, எஞ்சியிருப்பவற்றைக் கொண்டும்தான்.

அம்மாவிடம் தனியாக மூன்று கேள்விகளைக் கேட்டேன். யாரும் கேட்காவிட்டால் குடும்பத்தினர் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை. அங்கே இல்லாத மனிதர்களையோ விலங்குகளையோ அப்பா பார்ப்பதாகச் சொல்கிறாரா? தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை உதறுகிறாரா? ஒரு நாள் மிகத் தெளிவாகவும் மறுநாள் மிகக் குழப்பமாகவும் மாறி மாறி இருக்கிறாரா? மூன்றும் லூயி பாடியை நோக்கிச் சுட்டுபவை. மூன்றுக்கும் அம்மா இல்லை என்றார். “இல்லை” என்ற பதிலும் தகவல்தான், அதையும் எழுதினேன்.

நான்காம் படி: பதினேழு கேள்விகளை நான்காக்குவது

என் பழைய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கான விடை கிடைத்தால் அடுத்த மூன்று மாதத்தில் வீட்டில் எதை மாற்றிச் செய்வோம் என்று கேட்டுப் பார்த்தேன். எதுவும் மாறாது என்றால் அடித்துவிட்டேன். “எத்தனை ஆண்டுகள் இருப்பார்?” என்ற கேள்வியை அடிக்க மனம் வரவில்லை, ஆனால் நோய் ஆளுக்கு ஆள் வேறு வேகத்தில் நகர்வதால், முதல் சந்திப்புகளை மட்டும் கொண்டு எந்த மருத்துவரும் அதற்கு நேர்மையான எண்ணைச் சொல்ல முடியாது. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மதிப்பீடுகள் கையில் இருக்கும்போது கேட்டால் ஓரளவு பொருளுள்ள விடை கிடைக்கும். “எனக்கும் வருமா?” என்பது என் மருத்துவரிடம் நான் கேட்க வேண்டியது.

எஞ்சியவை நான்கு கொத்துகளாகச் சேர்ந்தன: காரணமும் அதன் உறுதியும், சரிசெய்யக்கூடியவை எவை, இப்போதைய கட்டம் வீட்டு வேலைகளின் மொழியில் என்ன, மருந்தின் நோக்கமும் அபாய அறிகுறிகளும். மருத்துவர் ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ எழுதினால் போதும் என்னும் அளவுக்குக் கேள்வி குறுகலாக இருந்தால் பதில் விரைவில் வருகிறது.

ஐந்தாம் படி: கடிதம்

பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு அந்தக் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களிடம் சிகிச்சை பெறும் (தந்தையின் பெயர், வயது 76, பதிவு எண்) அவர்களின் மகன் நான். வெளிநாட்டில் வசிக்கிறேன். என்னிடம் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள அப்பா எழுதிய ஒப்புதலை இணைத்துள்ளேன். மூலத்தாளை அம்மா அடுத்த வருகையில் தங்களிடம் தருவார். அப்பாவைத் தினமும் கவனிப்பவர் அம்மா. கீழே உள்ளவை அவர் பார்த்தவை; தாங்கள் தரும் விளக்கத்தை நான் அவருக்கு எடுத்துச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

சுமார் 18 மாதமாக மறதி மெதுவாகக் கூடிவருகிறது. கடந்த எட்டு மாதத்தில் மூன்று முறை ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்தினார். இரண்டு மாதத்திற்கு முன், தினமும் நடக்கும் பாதையில் திரும்பி வர வழி தெரியாமல் நின்றார். ஒரு மணி நேரத்தில் ஒரே கேள்வியை நான்கைந்து முறை கேட்பது இப்போது அன்றாடம் நடக்கிறது. குளிப்பது, உடுத்துவது, செய்தித்தாள் படிப்பது ஆகியவற்றைத் தாமே செய்கிறார். இல்லாதவற்றைப் பார்ப்பது, தூக்கத்தில் கைகால் உதறுவது, நாளுக்கு நாள் பெரிய ஏற்ற இறக்கம், கீழே விழுவது ஆகியவை இல்லை. மோகா தேர்வின்போது அவர் காது கேட்கும் கருவி அணிந்திருக்கவில்லை.

தாங்கள் கொடுத்த டோனிபெசிலுடன், வேறொரு மருத்துவர் எழுதிய ஆக்ஸிபியூட்டினின் மாத்திரையையும் இரண்டு ஆண்டுகளாக எடுத்துவருகிறார். எல்லா மருந்துகளின் படத்தையும் இணைத்துள்ளேன். தாங்கள் சொல்லும் வரை எதையும் நாங்கள் மாற்றமாட்டோம்.

நான்கு விஷயங்களை விளக்கியருள வேண்டுகிறேன்.

1. இந்த டிமென்ஷியாவுக்குக் காரணம் என்று தாங்கள் கருதுவது எது? அது உறுதியானதா, வாய்ப்பு அதிகமுள்ளதா, இன்னும் முடிவாகாததா?

2. பி12 குறைவு, ஆக்ஸிபியூட்டினின், காது கேளாமை, மனச்சோர்வு ஆகியவற்றில் எதற்காவது இந்நிலையில் பங்கு இருக்கிறதா? அவற்றைச் சரிசெய்தபின் மீண்டும் மதிப்பிடுவீர்களா, எப்போது?

3. நோய் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பணம் கையாளுதல், வாகனம் ஓட்டுதல், அடுப்பு, தம் மருந்துகளைத் தாமே எடுத்தல் ஆகியவற்றில் எவற்றை இன்றே ஒருவர் மேற்பார்வையிட வேண்டும்?

4. டோனிபெசிலிடம் எதை எதிர்பார்க்கலாம், பலன் உண்டா என்று எப்போது முடிவு செய்வீர்கள்? எந்த அறிகுறி கண்டால் உடனே தங்களை அழைக்க வேண்டும்?

அப்பாவிடம் நோயின் பெயரைத் தாங்கள் நேரடியாகச் சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன். தாங்கள் சொன்னதற்கு மாறாக நாங்கள் எதையும் சொல்லிவிடக் கூடாது. கேள்விகளுக்கு எதிரில் ஓரிரு வரி எழுதினாலும் போதும். தொலைபேசியில் பேசுவது எளிதென்றால், தாங்கள் சொல்லும் நேரத்தில் நான் அழைக்கிறேன். அதற்கான ஆலோசனைக் கட்டணத்தையும் செலுத்துகிறேன்.

நன்றியுடன்,
(பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல்)

அனுப்பும் முன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், “நான் கேட்க வேண்டியதை விட்டுவிட்டாயே. வங்கிக்கு நான் தனியாகப் போகலாமா என்று கேள்” என்றார். அதை அவர் பெயரிலேயே ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்தேன்.

ஆறாம் படி: அனுப்புவதும் காத்திருப்பதும்

கடிதம் அப்பாவின் அடுத்த வருகைக்கு ஒரு வாரம் முன்பாகச் சென்று சேர வேண்டும். மிகவும் முன்னதாகப் போனால் மறக்கப்படும். அன்று காலை போனால் படிக்கப்படாது. ஓர் அச்சுப்படியை அம்மா கையில் கொடுத்து அனுப்புவது நல்லது. பத்து வேலை நாட்களில் பதில் இல்லையென்றால், புதிய கேள்வி எதையும் சேர்க்காமல், மருத்துவரின் உதவியாளரிடம் கடிதம் கிடைத்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். உடன்பிறந்தோர் பலர் இருந்தால் ஒருவரே எழுத வேண்டும். இருவர் தனித்தனியாக எழுதி, இரு வேறு சொற்களில் பதில் பெற்று, அந்தச் சொல் வேறுபாட்டை வைத்துச் சண்டையிட்ட குடும்பத்தை நான் அறிவேன்.

ஏழாம் படி: பதிலைப் படிப்பது

எங்களுக்கு வந்த பதிலில், “பெரும்பாலும் அல்சைமர், இரத்தக் குழாய் மாற்றங்களுக்கும் பங்கு இருக்கலாம்” என்றிருந்தது. “பெரும்பாலும்” என்ற சொல்லைக் கண்டு மருத்துவருக்கே தெரியவில்லை என்று எண்ண வேண்டாம். வழக்கமான பரிசோதனைகளைக் கொண்டு அல்சைமர் என்று முடிவு செய்யும்போது அப்படிச் சொல்வதே சரியான முறை. முதுகுத்தண்டு நீரிலும் சிறப்பு ஸ்கேனிலும் இன்னும் உறுதியாகக் காணும் வழிகள் உண்டு. அவை சிகிச்சையை மாற்றும் நிலையில்தான் பொதுவாகச் செய்யப்படுகின்றன. சிறுநீர் அவசரமும் மறதியும் சேர்ந்திருப்பதால் மூளையில் நீர் தேங்கும் நோயா என்று தாம் பார்த்ததாகவும், அப்பாவின் நடையிலோ ஸ்கேனிலோ அதற்கான அடையாளம் இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் கேட்கத் தெரியாத கேள்விக்குக் கிடைத்த விடை அது.

ஆக்ஸிபியூட்டினினை அதை எழுதிய மருத்துவரோடு பேசி நிறுத்தினார்கள். பி12 ஊசி தொடங்கியது. காது கேட்கும் கருவியோடு நான்கு மாதம் கழித்து மீண்டும் தேர்வு என்று முடிவாயிற்று. டோனிபெசில் நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தாங்கிப் பிடிக்கும் என்று தெளிவாகச் சொன்னார். நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒத்துக்கொண்டால் 10 மில்லிகிராமாக உயர்த்துவது வழக்கம். குமட்டலும் வயிற்றுப்போக்கும் தொடக்கத்தில் வரலாம். மயக்கம் வந்தாலோ நாடி மிக மெதுவானாலோ உடனே அழைக்க வேண்டும். கட்டம் “தொடக்க நிலை, நடுநிலையை நோக்கி” என்றிருந்தது. அதைவிடப் பயன்பட்டது அதன் கீழ் இருந்த வரி: மருந்தும் பணமும் இன்று முதல் மேற்பார்வையில், வாகனம் ஓட்டுவதைத் தனி மதிப்பீடு முடியும் வரை நிறுத்தவும், அடுப்பைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம், நடைப்பயிற்சி துணையோடு தொடரலாம்.

புரியாத சொல் ஏதேனும் இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்கலாம். “நான் புரிந்துகொண்டது இது, சரியா?” என்று அவருடைய விடையை நம் சொற்களில் மூன்று வரியாக எழுதி அனுப்பினால், தவறு இருந்தால் மட்டும் அவர் திருத்துவார். நான் அப்படிச் செய்தபோது ஒரு திருத்தம் வந்தது. பி12 சரியானால் மறதி போய்விடும் என்ற தொனியில் எழுதியிருந்தேன். “கொஞ்சம் தெளியலாம், அடிப்படை நோய் இருக்கும்” என்று மாற்றினார்.

நான்கு மாதம் கழித்து மதிப்பெண் 19 ஆயிற்று. இரண்டு மதிப்பெண் ஏற்றத்தை வைத்து முன்னேற்றம் என்று கொண்டாட முடியாது. கருவி அணிந்ததாலும் தேர்வு பழகியதாலும்கூட அவ்வளவு கூடும். ஆனால் மாலை நேரக் குழப்பம் குறைந்துவிட்டதாகவும், ஒரே கேள்வி நான்கைந்து முறை வருவது இரண்டாகிவிட்டதாகவும் அம்மா தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். மருத்துவர் மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்பேட்டைத்தான் நீண்ட நேரம் பார்த்தாராம்.

அப்பாவின் கேள்விக்கு மருத்துவர் பதிலை எனக்கு எழுதவில்லை. அவரையே பார்த்துச் சொன்னார். வங்கிக்குப் போகலாம், அம்மாவோடு. கையெழுத்திடலாம், அன்றே வேண்டாம், தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு. அப்பா அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.